ஒரே ஐடியா: அகலமா, நீளமா, ஆழமா?

கேள்வி: மார்க்கெட்டிங் தேர்வுக்குப் படிக்கிறேன். புதிய பொருள் உருவாக்கத்தின் எட்டு நிலைகளும் வரிசையாக மனப்பாடம். ஆனால் ஒரு சூழலைக் கொடுத்து "இது எந்த நிலை?" என்று கேட்டால் தடுமாறுகிறேன். பிராடக்ட் மிக்ஸ் கணக்கில் அகலம் சரியாக வருகிறது, நீளமும் ஆழமும் மாறிப்போகின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்:

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நிறுவனம் விற்கும் எல்லாப் பொருள்களின் தொகுப்புதான் பிராடக்ட் மிக்ஸ். அது கைக்கு வந்துவிட்டால் நிலைகளைப் புரிந்துகொள்வதும் எளிதாகிவிடும். இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒரு நிறுவனம் பற்பசை, பல் துலக்கும் பிரஷ், குளியல் சோப்பு ஆகிய மூன்றையும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் எல்லாம் கற்பனை. பற்பசையில் முத்து, பவளம், தளிர் என்று மூன்று பிராண்டுகள். பிரஷ்ஷில் நேர், வளைவு என்று இரண்டு. சோப்பில் அல்லி, தாழை, ஆம்பல், மருதம் என்று நான்கு.

அகலம் என்பது எத்தனை பொருள் வரிசைகள் என்ற எண்ணிக்கை. இங்கே 3. இதில் யாரும் தவறுவதில்லை.

நீளம் என்பது எல்லா வரிசைகளிலும் சேர்த்து மொத்தம் எத்தனை பொருள்கள் என்பது. 3 + 2 + 4 = 9. முதல் சறுக்கல் இங்கேதான். "பற்பசை வரிசையின் நீளம்" என்று கேட்டால் விடை 3. "பிராடக்ட் மிக்ஸின் நீளம்" என்று கேட்டால் 9. "சராசரி நீளம்" என்று கேட்டால் 9-ஐ அகலத்தால் வகுத்து 3. இந்தக் கணக்கில் முதல் விடையும் மூன்றாவது விடையும் ஒரே எண்ணாக அமைந்துவிட்டன. இப்படி அமையும்போது மாணவர்கள் வழியைத் தவறாகப் போட்டும் சரியான எண்ணை எழுதிவிடுவார்கள். அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே கேள்வியில் "வரிசை" என்று இருக்கிறதா, "மிக்ஸ்" என்று இருக்கிறதா என்பதை முதலில் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஆழம் என்பது ஒவ்வொரு பொருளும் எத்தனை வடிவங்களில் கிடைக்கிறது என்பது. முத்து மூன்று அளவுகளில், ஒவ்வொன்றும் இரண்டு சுவைகளில் வருகிறது என்றால் அதன் ஆழம் 3 × 2 = 6. பவளம் இரண்டு அளவு, அதில் பேஸ்ட், ஜெல் என இரண்டு வகை, ஆக 4. தளிர் இரண்டு அளவு மட்டும், ஆக 2. பிரஷ் இரண்டும் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மும்மூன்று. சோப்புகளில் அல்லியும் தாழையும் மூன்று மணம், இரண்டு அளவு என்று ஆறாறு, ஆம்பல் 4, மருதம் 2. கூட்டினால் பற்பசையில் 12, பிரஷ்ஷில் 6, சோப்பில் 18, மொத்தம் 36 வடிவங்கள். அதை 9 பொருள்களால் வகுத்தால் சராசரி ஆழம் 4.

பெருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாச் சேர்க்கைகளும் உண்மையில் விற்கப்பட்டால் மட்டுமே பெருக்கலாம். "முத்துவின் பெரிய அளவு புதினாச் சுவையில் மட்டுமே கிடைக்கும்" என்று ஒரு வரி கேள்வியில் ஒளிந்திருந்தால் ஆழம் 5 ஆகிவிடும். கடை அலமாரியில் எத்தனை தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கி வைக்க முடியும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் ஆழம்.

இனி உங்களைப் போன்றவர்களை உண்மையில் குழப்புவது என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். விடைத்தாள் திருத்தும்போது இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆழத்துக்குப் பாடநூல்களில் இரண்டு வரையறைகள் புழங்குகின்றன. மேலே சொன்னது மார்க்கெட்டிங் பாடநூலாசிரியர் பிலிப் கோட்லரின் வழி: அகலம், நீளம், ஆழம், இசைவு என்று நான்கு அளவைகள். இன்னொரு மரபில் நீளம் என்ற சொல்லே கிடையாது. அங்கே அகலம், ஆழம் என்று இரண்டுதான். ஒரு வரிசைக்குள் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கையையே அங்கே ஆழம் என்கிறார்கள். அதன்படி நம் பற்பசை வரிசையின் ஆழம் 3. கோட்லர் வழியில் அதே 3-க்கு வரிசையின் நீளம் என்று பெயர். இணையத்தில் ஒரே கணக்குக்கு இரண்டு விடைகளைப் பார்த்துத் தலை சுற்றியிருந்தால் காரணம் இதுதான், இரண்டுமே தவறில்லை. எந்த மரபில் கேட்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வியிலோ விடைத் தெரிவுகளிலோ "நீளம்" என்ற சொல் வந்தால் கோட்லர் வழி. அகலமும் ஆழமும் மட்டுமே பேசப்பட்டால் இரண்டாவது மரபாக இருக்க வாய்ப்பு அதிகம். விரிவான விடை என்றால் எந்த வரையறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், மதிப்பெண் போகாது.

நான்காவதான இசைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரிசைகள் பயன்பாட்டிலும் உற்பத்தியிலும் விநியோக வழியிலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது அது. எண்ணால் அளப்பதில்லை. பற்பசையும் பிரஷ்ஷும் ஒரே கடையில் ஒரே கையால் எடுக்கப்படுவதால் இசைவு அதிகம்.

சரி, இப்போது ஒரு புதிய ஐடியாவை இந்த நிறுவனத்துக்குள் விடுவோம். விற்பனையாளர்களும் வாடிக்கையாளர் கடிதங்களும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: குளிர்ந்ததோ சூடானதோ பட்டால் பல் கூசுகிறது, அதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. இது ஐடியா திரட்டும் நிலை. இங்கே எதையும் எடைபோடக் கூடாது, சேர்க்க மட்டுமே வேண்டும். கேள்வியில் மூளைப்புயல், வாடிக்கையாளர் புகார்கள், போட்டியாளர் பொருளைப் பிரித்துப் பார்ப்பது, ஊழியர் ஆலோசனைப் பெட்டி போன்றவை வந்தால் இந்த நிலைதான்.

அடுத்தது வடிகட்டல், அதாவது ஸ்கிரீனிங். இது நம் நோக்கத்துக்கும் திறனுக்கும் பொருந்துமா என்று மேலோட்டமாகப் பார்த்துக் கழிப்பது. இதில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. நல்ல ஐடியாவைக் கழித்துவிடுவது ஒன்று, மோசமானதை உள்ளே விட்டுவிடுவது இன்னொன்று. முதலாவதற்குக் கைவிடும் பிழை என்றும் இரண்டாவதற்கு முன்செல்லும் பிழை என்றும் சொல்லலாம். கைவிடும் பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது. போட்டியாளர் அதே ஐடியாவில் ஜெயித்தால்தான் தெரியவரும். முன்செல்லும் பிழையோ ஒவ்வொரு நிலையிலும் பணத்தைத் தின்றுகொண்டே போகும்.

வடிகட்டல் கூர்மையானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஒப்பீடு உண்டு. பூஸ், ஆலன் & ஹாமில்டன் ஆலோசனை நிறுவனம் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வெற்றிப் பொருள் கிடைக்க சராசரியாக 58 ஐடியாக்கள் தேவைப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் அது 7 ஆகக் குறைந்திருந்தது. எந்தத் துறையில், எதற்காகப் புதிய பொருள் தேவை என்பதை நிறுவனங்கள் முன்பே தீர்மானித்துக்கொண்டதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அதனால்தான் சில நூல்களில் "புதிய பொருள் உத்தி" என்ற நிலை ஐடியாவுக்கும் முன்னால் வரும். எட்டு நிலை, ஏழு நிலை என்ற வித்தியாசமெல்லாம் இப்படிச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் வருவதுதான். வரிசை மாறுவதில்லை.

நம் ஐடியா வடிகட்டலைத் தாண்டிவிட்டது. மூன்றாவது நிலை கான்செப்ட் உருவாக்கமும் சோதனையும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்ட இரண்டு விஷயங்களும் சந்திக்கும் இடம் இது. ஐடியா வேறு, கான்செப்ட் வேறு. "பல் கூச்சத்துக்கு ஏதாவது" என்பது ஐடியா. அது யாருக்கு, என்ன பயன், எப்போது பயன்படும் என்று வாடிக்கையாளர் மொழியில் முழுமையாகச் சொல்லப்படும்போதுதான் கான்செப்ட் ஆகிறது. ஒரே ஐடியாவிலிருந்து பல கான்செப்ட்கள் பிறக்கும். நம் ஐடியாவிலிருந்து மூன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: ஏற்கெனவே முத்து பயன்படுத்தும் குடும்பங்களுக்கு, கூச்சத்தைத் தணிக்கும் ஒரு முத்து வகை, மூன்று அளவுகளில். இரண்டாவது: கூச்சத்தால் அவதிப்படும் நடுவயதினருக்கென்றே "நிழல்" என்ற புதிய பற்பசை பிராண்டு, இரண்டு அளவுகளில். மூன்றாவது: இரவில் கொப்பளித்துத் துப்பும் வாய் கழுவும் திரவம், ஒரு பிராண்டு, இரண்டு அளவுகளில்.

இப்போது மிக்ஸ் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

முதல் கான்செப்ட்டில் முத்துவின் ஆழம் 6-லிருந்து 9 ஆகிறது. மொத்த வடிவங்கள் 39. அகலம் 3, நீளம் 9, இரண்டும் அசையவில்லை. சராசரி ஆழம் 39 ÷ 9, ஏறக்குறைய 4.33.

இரண்டாவதில் அகலம் 3 அப்படியே இருக்க, நீளம் 10 ஆகிறது. சராசரி நீளம் 3.33. வடிவங்கள் 38, சராசரி ஆழம் 3.8. அதாவது புதிய பொருள் வந்தும் சராசரி ஆழம் குறைகிறது. ஏனென்றால் வந்த பொருளின் ஆழம் 2, ஏற்கெனவே இருந்த சராசரியைவிடக் குறைவு.

மூன்றாவதில் அகலம் 4, நீளம் 10. சராசரி நீளம் 3-லிருந்து 2.5 ஆக இறங்குகிறது, சராசரி ஆழம் 3.8. "நிறுவனம் விரிவடைந்தது, ஆனால் சராசரி நீளம் குறைந்தது, இது சாத்தியமா?" என்று கேட்டால் தயங்காமல் சாத்தியம் என்று எழுதலாம். புதிய வரிசை பெரும்பாலும் குட்டையாகத்தான் தொடங்கும்.

ஆக, புதிய பொருள் அகலத்தில் சேருமா, நீளத்தில் சேருமா, ஆழத்தில் சேருமா என்பது தொழிற்சாலையில் முடிவாவதில்லை, கான்செப்ட் எழுதும்போதே முடிவாகிறது. அங்கே எடுத்த முடிவுதான் பின்னால் எவ்வளவு செலவு, எவ்வளவு ஆபத்து, எத்தனை நிலைகளை நிதானமாகக் கடக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும்.

"இது எந்த நிலை?" என்ற கேள்விகளில் மிக அதிகமாகக் குழப்புபவை மூன்று சோதனைகள்: கான்செப்ட் சோதனை, பொருள் சோதனை, சோதனைச் சந்தை. மூன்றிலும் வாடிக்கையாளர் இருக்கிறார், மூன்றிலும் கருத்துக் கேட்கப்படுகிறது. பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: வாடிக்கையாளரின் கையில் என்ன இருக்கிறது?

கையில் ஒரு விவரக்குறிப்போ படமோ மட்டும் இருந்தால் அது கான்செப்ட் சோதனை. பொருளே இன்னும் இல்லை. "இந்தப் பயன் உங்களுக்குப் புரிகிறதா, நம்புகிறீர்களா, வேறு எதுவும் இப்போது இந்தக் குறையைத் தீர்க்கிறதா, வாங்குவீர்களா?" என்று கேட்பார்கள். கையில் மாதிரிப் பொருள் இருந்தால், ஆய்வகத்திலோ வீட்டிலோ இலவசமாகக் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னால், அது ஆறாவது நிலையான பொருள் உருவாக்கத்தின் பகுதி. நிறுவனத்துக்குள்ளேயே சோதித்தால் ஆல்பா, வெளியே வாடிக்கையாளரிடம் கொடுத்துச் சோதித்தால் பீட்டா. வாடிக்கையாளரின் கையில் அவருடைய சொந்தப் பணம் இருந்தால், உண்மையான விலை, உண்மையான விளம்பரம், உண்மையான அலமாரி என்று எல்லாம் இருந்தால், அது ஏழாவது நிலையான சோதனைச் சந்தை. அங்கே சோதிக்கப்படுவது பொருள் மட்டும் அல்ல, முழு மார்க்கெட்டிங் திட்டமும்.

இந்த வித்தியாசத்தை உணர 1985-ன் நியூ கோக் கதை உதவும். கோகோ கோலா நிறுவனம் புதிய சுவையை ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சோதித்தது. பெயர் சொல்லாமல் ருசிக்கக் கொடுத்தபோது புதியது பிடித்திருப்பதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். 1985 ஏப்ரல் 23 அன்று அதை அறிமுகம் செய்து பழையதை நிறுத்தினார்கள். எதிர்ப்பு வெடித்து, ஜூலை 11 அன்று பழையது திரும்ப வருவதாக அறிவித்தார்கள். எத்தனை பேரிடம் சோதித்தாலும் ருசிச் சோதனை, சோதனைச் சந்தை ஆகாது. "எது சுவையாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு அது விடை தந்தது. "பழையதை எடுத்துவிட்டு இதைத் தந்தால் ஏற்பீர்களா?" என்ற கேள்விக்கு அதனால் விடை தர முடியவில்லை. மிக்ஸ் கண்ணோடு பார்த்தாலும் இது நல்ல பயிற்சி: ஏப்ரலில் ஒன்று போய் ஒன்று வந்ததால் நீளம் மாறவில்லை. பழையது திரும்பி வந்ததும் நீளம் ஒன்று கூடிவிட்டது.

நம் நிறுவனத்துக்குத் திரும்புவோம். கான்செப்ட் சோதனையில் வாய் கழுவும் திரவத்துக்கு ஆர்வம் குறைவு, அதை விட்டுவிட்டார்கள். முத்து வகையும் நிழலும் மிஞ்சின. நான்காவது நிலையில் இரண்டுக்கும் மார்க்கெட்டிங் உத்தி வரைகிறார்கள்: யாருக்கு, என்ன விலை, எந்தக் கடைகள், எவ்வளவு விளம்பரம். இது ஏன் ஐந்தாவதான வணிகப் பகுப்பாய்வுக்கு முன்னால் வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. விலையும் விளம்பரச் செலவும் தெரியாமல் விற்பனையை மதிப்பிடவே முடியாது என்பதுதான் காரணம். இந்தக் காரணம் தெரிந்திருந்தால் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதேபோல வணிகப் பகுப்பாய்வு ஏன் பொருள் உருவாக்கத்துக்கு முன்னால்? அதுவரை செலவு காகிதத்திலும் கூட்டத்திலும்தான். மாதிரி செய்யத் தொடங்கியதும் செலவு தாவிக் குதிக்கும்.

வடிகட்டலும் வணிகப் பகுப்பாய்வும் இரண்டுமே "வேண்டுமா, வேண்டாமா" என்று முடிவெடுக்கும் இடங்கள், அதனால் குழம்பும். வடிகட்டலில் கேட்பது பொருத்தம். பகுப்பாய்வில் கேட்பது விற்பனை, செலவு, லாபம். எண்கள் வந்துவிட்டால் ஐந்தாவது நிலை.

அந்த எண்களைப் போட்டுப் பார்ப்போம். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நிழல் ஆண்டுக்கு 1 லட்சம் விற்கும் என்று மதிப்பீடு. ஒன்றுக்குப் பங்களிப்பு, அதாவது விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தது, 12. ஆகப் பங்களிப்பு 12 லட்சம். புதிய பிராண்டுக்கு விளம்பரமும் மற்ற நிலையான செலவுகளும் ஆண்டுக்கு 7 லட்சம். மீதி 5 லட்சம் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் நிழல் வாங்குபவர்களில் 40 சதவீதம் பேர் முத்துவை விட்டு வருபவர்கள். முத்து ஒன்றுக்கு 9 பங்களிப்பு தந்துகொண்டிருந்தது. இழப்பு 40,000 × 9 = 3.6 லட்சம். உண்மையில் நிறுவனத்துக்குக் கூடுதலாக மிஞ்சுவது 12 − 3.6 − 7 = 1.4 லட்சம். சொந்தப் பிராண்டின் விற்பனையைச் சொந்தப் பிராண்டே தின்பதைக் கேனிபலைசேஷன் என்கிறோம். வரிசை நீள நீள இது கூடும், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துப் பொருள்கள் நெருங்கிவிடுகின்றன.

முத்து வகைக்கு வருவோம். 80,000 விற்கும், ஒன்றுக்குப் பங்களிப்பு 10, ஆக 8 லட்சம். பெயர் ஒன்றே என்பதால் வாங்குபவர்களில் 75 சதவீதம் பழைய முத்து வாடிக்கையாளர்கள்தான்: 60,000 × 9 = 5.4 லட்சம் இழப்பு. ஆனால் நிலையான செலவு 1 லட்சம் மட்டுமே, பெயரை மக்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிஞ்சுவது 8 − 5.4 − 1 = 1.6 லட்சம்.

குறைவாக விற்று, அதிகமாகத் தன்னையே தின்றும், ஆழம் சேர்க்கும் வழி சற்று முன்னால் நிற்கிறது. இன்னும் ஒரு படி போய், எத்தனை சதவீதம் வரை தின்றால் தாங்கும் என்று பார்த்தால் படம் தெளிவாகும். நிழலுக்கு நிலையான செலவை ஒன்றுக்குப் பிரித்தால் 7. பங்களிப்பு 12-ல் 7 போக மீதி 5. அதை முத்துவின் 9-ஆல் வகுத்தால் சுமார் 56 சதவீதம். அதற்கு மேல் தின்றால் நஷ்டம். முத்து வகைக்கு ஒன்றுக்கு நிலையான செலவு 1.25, மீதி 8.75, அதை 9-ஆல் வகுத்தால் சுமார் 97 சதவீதம். ஏறக்குறைய எல்லா வாங்குபவர்களும் பழைய முத்துவிலிருந்து வந்தாலும் கையைக் கடிக்காது. ஆழம் சேர்ப்பதை ஆபத்து குறைந்த வழி என்று பாடநூல்கள் சொல்வதன் உள்ளர்த்தம் இதுதான். அதே நேரம் அதன் எல்லையும் தெரிகிறது: நிழலின் கேனிபலைசேஷன் 40-லிருந்து 30 சதவீதமாகக் குறைந்தால் மிச்சம் 2.3 லட்சமாகி அது முந்திவிடும். முத்து வகையிலும் தின்பது 75-லிருந்து 65 சதவீதமாகக் குறைந்தால், மிச்சம் 72,000 ஏறி 2.32 லட்சமாகிவிடும். இரண்டும் கிட்டத்தட்டச் சமம் ஆகிவிடுகிறது. ஆகவே முடிவு அந்த ஒரு சதவீதத்தில் தொங்குகிறது, அதைக் காகிதத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சந்தை தேவைப்படுவது இதற்குத்தான்.

சோதனைச் சந்தையில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: எத்தனை பேர் முதன்முறை வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்ப வாங்கினார்கள். மொத்த விற்பனையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். முதல் வாங்கல் அதிகம், மறுவாங்கல் குறைவு என்றால் விளம்பரம் நன்றாக வேலை செய்திருக்கிறது, பொருள் ஏமாற்றியிருக்கிறது. பொருளைத் திருத்த வேண்டும், அல்லது விட வேண்டும். ஆரம்பத்தில் விற்பனை வரைபடம் மேலே போவதால் இதுதான் மிக ஆபத்தான நிலை. முதல் வாங்கல் குறைவு, மறுவாங்கல் அதிகம் என்றால் பொருள் நல்லது, மக்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் கூட்ட வேண்டும். இரண்டும் அதிகம் என்றால் வெளியிடலாம், இரண்டும் குறைவு என்றால் கைவிடலாம்.

முதல் வாங்கல் குறைவு, மறுவாங்கல் அதிகம் என்ற சூழலுக்கு போஸ்ட்-இட் காகிதத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் வலுவாக ஒட்டாத, உரித்து மறுபடி ஒட்டக்கூடிய ஒரு பசையைக் கண்டுபிடித்தார். பயன் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. 1974-ல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர், தேவாலயப் பாடல் புத்தகத்திலிருந்து நழுவி விழும் அடையாளச் சீட்டுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். ஆறு ஆண்டுகள் கையில் தொழில்நுட்பம் இருந்தும் கான்செப்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1977-ல் நான்கு நகரங்களில் வேறொரு பெயரில் சோதனைச் சந்தை நடத்தினார்கள். பலன் சுமார்தான். அலமாரியில் பார்ப்பவருக்கு அது எதற்கென்றே புரியவில்லை, அதனால் வாங்கிப் பார்க்கவும் இல்லை. அங்கேயே கைவிட்டிருந்தால் அது கைவிடும் பிழையாக முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாய்ஸி நகரத்தில் மாதிரிகளை இலவசமாக வாரி வழங்கினார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் அமெரிக்கா முழுவதும் வெளியானது, அதாவது எட்டாவது நிலையான வணிகமயமாக்கல். அந்த நிலையில் எப்போது, எங்கே, யாரிடம் முதலில், எப்படி என்ற நான்கு முடிவுகள்தான் கேட்பார்கள், அதிகம் சிக்கல் இல்லை.

சோதனைச் சந்தை எல்லாப் பொருளுக்கும் கட்டாயமில்லை. முத்து வகை போல ஆழத்தில் சேர்வதற்கு, இழப்பு சிறியது என்பதால் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். நிழலுக்கு அது தேவை, ஏனென்றால் 40 சதவீதமா 56 சதவீதமா என்ற வித்தியாசத்தில் லாபமே போய்விடும். போட்டியாளர் பார்த்து நகலெடுத்துவிடுவார் என்ற பயமும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் செயற்கைக் கடை அமைத்துச் சிலரை வாங்கச் சொல்லிப் பார்க்கும் மாதிரிச் சோதனைச் சந்தையை நாடுவார்கள்.

கடைசியாக, தேர்வில் வழுக்கும் இரண்டு சொல்ஜோடிகள். லைன் எக்ஸ்டென்ஷன் என்றால் இருக்கும் பிராண்டு பெயர், இருக்கும் வகைக்குள் புதிய சுவை, அளவு, உட்கூறு. முத்துவின் கூச்ச வகை இதுதான், பெரும்பாலும் ஆழத்தைக் கூட்டும். பிராண்டு எக்ஸ்டென்ஷன் என்றால் அதே பெயர் வேறு வகைப் பொருளுக்குப் போவது. முத்து என்ற பெயரிலேயே வாய் கழுவும் திரவம் வந்தால் அது, அகலத்தைக் கூட்டும். லைன் ஸ்ட்ரெச்சிங்கும் லைன் ஃபில்லிங்கும் இரண்டுமே நீளத்தைத்தான் கூட்டும், அகலத்தை அல்ல. வரிசையின் இப்போதைய விலை எல்லைக்கு வெளியே மேலேயோ கீழேயோ போனால் ஸ்ட்ரெச்சிங், எல்லைக்குள் இருக்கும் இடைவெளியை அடைத்தால் ஃபில்லிங்.

பயிற்சிக்கு ஒன்று, தொடக்கத்தில் இருந்த 9 பொருள்களை வைத்தே போட்டுப் பாருங்கள். "பிரஷ் வரிசையில் நேர், வளைவு இரண்டுக்கும் நடுவிலான விலையில் புதிய பிராண்டு ஒன்றைக் கொண்டுவர நிறுவனம் திட்டமிடுகிறது. இரண்டு கடினத் தன்மைகளில் வரும். இப்போது 200 வீடுகளுக்கு மாதிரி பிரஷ்களைக் கொடுத்து ஒரு மாதம் கழித்துக் கருத்துக் கேட்கிறது." கையில் இருப்பது இலவச மாதிரி, சொந்தப் பணம் இல்லை, ஆகவே பொருள் உருவாக்க நிலை. எல்லைக்குள் அடைப்பதால் லைன் ஃபில்லிங். வெளிவந்தால் அகலம் 3, நீளம் 10, பிரஷ் வரிசையின் நீளம் 3, மொத்த வடிவங்கள் 38, சராசரி ஆழம் 3.8. இரண்டாவது மரபில் கேட்டிருந்தால் பிரஷ் வரிசையின் ஆழம் 3.